விதிகளைப் படித்துக் காட்டாதீர்கள், ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: ஐயா, சமரசப் பயிற்சி முடித்து இதுவரை மூன்று அமர்வுகள்தான் நடத்தியிருக்கிறேன். அடுத்த வாரம் இரண்டு பங்குதாரர்கள் வருகிறார்கள். 11 வருடம் சேர்ந்து அட்டைப்பெட்டி தயாரிப்புத் தொழில் நடத்தியவர்கள். மூத்தவர் முதல் போட்டவர், கணக்கும் அவர் கையில். இளையவர் உற்பத்தியையும் வாடிக்கையாளர்களையும் பார்ப்பவர். 8 மாதமாக நேரில் பேச்சில்லை. போன மாதம் வேறு இருவருக்கு நடத்திய அமர்வில் தொடக்க உரையை எழுதி வைத்துப் படித்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே ஒருவர், “இதெல்லாம் இருக்கட்டும் சார், இவன் என்ன செய்தான் தெரியுமா” என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. விதிகளை எப்படிச் சொன்னால் காதில் ஏறும்? எவ்வளவு நேரம் பேசலாம்?

பதில்:

மூன்று நிமிடம் அவர் சும்மா இருந்ததே பெரிய விஷயம். மாதக்கணக்கில் மனதுக்குள் பேசிப் பேசி ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார். அந்தப் பேச்சுக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தன் முறை எப்போது வரும் என்று தெரியாத மனிதர் குறுக்கே பேசத்தான் செய்வார். அவர் மோசமானவர் என்பதால் அல்ல. இப்போது விட்டால் சொல்ல வாய்ப்பே கிடைக்காதோ என்ற பயம்தான் காரணம்.

அதனால் நேரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு முதலில் வருகிறேன். மொத்தம் 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அதிலும் முதல் ஒரு நிமிடத்துக்குள் அவரவர் முறை எப்போது, எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இதை மட்டும் முன்னால் கொண்டுவந்தால் பாதிக் குறுக்கீடு குறைந்துவிடும் என்பது என் அனுபவம். தாளைப் பார்த்துப் படிப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு சிறு அட்டையில் ஐந்தாறு சொற்கள் இருந்தால் போதும். நீங்கள் தாளைப் பார்க்கும் நேரத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அங்கேதான் பொறி பறக்கும்.

இன்னொன்று, விதிகளை முதல்முறையாக அவர்கள் கேட்பது அந்த அறையிலாக இருக்கக்கூடாது. அமர்வுக்கு இரண்டு நாள் முன்னால் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். ஆளுக்கு 20 நிமிடம், அநேகமாகச் சம நேரம். அன்று என்ன நடக்கும், யார் முதலில் பேசுவார், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுங்கள். எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்றும் கேளுங்கள். முடிவெடுக்க வேறு யாருடைய சம்மதமாவது வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் விஷயத்தில் மூத்தவர் போட்ட முதலீட்டில் அவருடைய தம்பியின் பணமும் இருக்கலாம், அல்லது கடனுக்கு வீட்டில் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மாலை 5 மணிக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு “தம்பியைக் கேட்க வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

உட்காரும் ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள். இருவரும் உங்களைப் பார்த்தபடி, சற்றுச் சாய்வாக, உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். முதலில் வந்தவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாமவர் கதவைத் திறந்தால், அவரைப் பொறுத்தவரை அமர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

சரி, இப்போது உரைக்கு வருவோம். நான் இந்த இருவருக்கும் பேசுவதாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்:

“வணக்கம். இரண்டு பேரும் நேரத்துக்கு வந்ததற்கு நன்றி. 8 மாதத்துக்குப் பிறகு ஒரே அறையில் உட்காருவது லேசான காரியம் இல்லை, தெரியும். இப்போது ஒரு பத்து நிமிடம் நான் பேசுகிறேன். அது முடிந்ததும் உங்கள் ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம். அந்த நேரத்தில் இன்னொருவர் குறுக்கே பேசமாட்டார், நானும் குறுக்கே பேசமாட்டேன். அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து பேசுவோம். இடையில் உங்களைத் தனித்தனியாகவும் சந்திப்பேன். 1 மணிக்கு இடைவேளை, எப்படியும் 5 மணிக்கு முடித்துக்கொள்வோம். இந்த ஏற்பாடு உங்களுக்குச் சரியா?”

இங்கே நிறுத்துங்கள். முதலில் ஒருவரைப் பார்த்து அவர் வாயால் “சரி” என்று சொல்லும்வரை காத்திருங்கள், பிறகு இன்னொருவரைப் பாருங்கள். தலையாட்டலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நம் ஊர்ப் பேச்சில் தலையாட்டுவதற்கு “கேட்கிறேன்” என்றும் பொருள் உண்டு, “ஒப்புக்கொள்கிறேன்” என்றும் பொருள் உண்டு. 8 மாதமாக எதிலும் ஒத்துப்போகாத இருவர் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இருவர் காதிலும் விழுகிறது. என் தொடக்க உரை முழுவதுமே இப்படி நான்கைந்து சின்னச் “சரி”களை வாங்குவதற்காகத்தான். நீங்கள் போன மாதம் படித்த உரையில் விதிகள் எல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவை உங்கள் விதிகள், அவர்கள் எதற்கும் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாத விதியை மீறினார் என்று யாரைச் சொல்ல முடியும்?

வரவேற்பில் நான் சொல்லாமல் விட்டதையும் கவனியுங்கள். “11 வருட நட்பு”, “அண்ணன் தம்பி மாதிரி இருந்தீர்கள்” என்றெல்லாம் ஒரு சொல் இல்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை அப்படித் தொடங்கினேன். உருக்கமாகச் சொன்னதாக எனக்கே ஒரு திருப்தி. இளையவர் என்னைப் பார்த்து, “அண்ணன் என்று நம்பினதுதான் சார் தப்பு” என்றார். அவருடைய காயத்தை நானே தொட்டுக் கொடுத்துவிட்டேன். உறவைப் பற்றிப் பேசும் உரிமை அவர்களுக்குத்தான். அவர்களே எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் யார் என்பது.

“நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. யார் சொல்வது சரி என்று நாள் முடிவில் சொல்லமாட்டேன், நீங்களே கேட்டாலும் சொல்லமாட்டேன். அதனால் என்னை நம்பவைக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். நீங்கள் இருவரும் ஒப்புக்கொள்கிற ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா என்று தேட உதவுவதுதான் என் வேலை. பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லமாட்டேன். இன்று ஒரு முடிவு வந்தால் அது உங்கள் முடிவு. வராவிட்டால், இப்போது உங்களுக்கு இருக்கிற எந்த வழியும் அடைபட்டுப் போகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தின் ஆடிட்டரை ஒரு பயிற்சி வகுப்பில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் பழக்கம் இல்லை. இதில் யாருக்காவது சங்கடம் இருந்தால் இப்போதே சொல்லலாம்.”

இதை ஏன் இவ்வளவு பச்சையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், நம் மொழியில் சொற்கள் கொஞ்சம் குழப்புகின்றன. மத்தியஸ்தர் என்றால் பலருக்கு நடுவர். நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்பவர். சமரசம் என்றாலோ, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது. இப்படி நினைத்து வந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, நீதிபதியிடம் வாதாடுவதுபோல் உங்களிடம் ஆதாரங்களை அடுக்குவார்கள். அல்லது, எப்படியும் பாதியாக வெட்டுவார் என்று கேட்க வேண்டியதை இரண்டு மடங்காக்கிக் கேட்பார்கள். இரண்டுமே மாலைவரை உங்களைத் துரத்தும்.

ஆடிட்டரைத் தெரியும் என்று சொன்னது உதாரணத்துக்குத்தான். அப்படி நூலிழைத் தொடர்பு எது இருந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் சொன்னால் அது ஒரு தகவல். மதியம் அவர்களாகக் கண்டுபிடித்தால் அது சதி.

எழுந்துபோகும் உரிமையை இங்கேயே சேர்த்துவிடுவது என் வழக்கம். “யாரும் கட்டாயமாக இங்கே உட்கார வேண்டியதில்லை. போதும் என்று தோன்றினால் போகலாம். போவதற்கு முன் ஐந்து நிமிடம் என்னோடு தனியாகப் பேசிவிட்டுப் போங்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.” அந்த ஐந்து நிமிடத்தை முன்னாலேயே கேட்டு வாங்கி வையுங்கள். கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவரிடம் அப்போது போய்க் கேட்டால் கிடைக்காது. காலையில் அவரே சொன்ன வார்த்தையை நினைவூட்டினால் பெரும்பாலும் நின்றுவிடுவார்.

இப்போது மிக அதிகமாகச் சொதப்பும் இடத்துக்கு வருகிறோம். எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்பது.

புதியவர்கள் அநேகமாக “இங்கே பேசுவது எல்லாம் ரகசியம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. ஒன்று, இந்த அறையில் மூவர் முன்னால் பேசியது அறைக்கு வெளியே போகாது என்பது. மற்றொன்று, தனிச் சந்திப்பில் ஒருவர் உங்களிடம் சொன்னது பக்கத்து அறையில் இருக்கும் பங்குதாரரிடம் போகாது என்பது. இரண்டாவது விஷயத்தில் உலகம் முழுவதும் ஒரே வழக்கம் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம் 2002-ல் வெளியிட்டு 2018-ல் திருத்திய மாதிரிச் சட்டத்தில், ஒருவர் தனியாகச் சொன்னதன் சாரத்தைச் சமரசர் மற்றவரிடம் சொல்லலாம் என்பதுதான் பொது விதி. ரகசியமாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொன்னதை மட்டும் சொல்லக்கூடாது. ஆனால் பல சமரசர்கள் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள். அனுமதி கொடுத்ததை மட்டும் சொல்வோம், மீதி எல்லாம் உள்ளேயே இருக்கும் என்பார்கள். நானும் அந்தப் பக்கம்தான். எந்த வழக்கமானாலும் உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, எதைப் பின்பற்றப் போகிறீர்கள் என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஆட்களையே வைத்துப் பார்ப்போம். தனி அறையில் இளையவர், “சார், ஒரு பெரிய வாடிக்கையாளர் என்னோடு வரத் தயார். தனியாகத் தொழில் தொடங்கலாம் என்று யோசிக்கிறேன்” என்கிறார். அவர் நினைப்பில் அது உங்களோடு நின்றுவிடும். நீங்களோ, மூத்தவருக்கு நிலைமை புரியட்டும் என்று நல்லெண்ணத்தில் கோடிகாட்டிவிடுகிறீர்கள். மூத்தவர் அன்று இரவே அந்த வாடிக்கையாளருக்குப் போன் செய்கிறார். நீங்கள் எந்த விதியையும் மீறவில்லை என்று வாதாடலாம். ஆனால் இளையவர் இனி உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்.

நான் சொல்வது இப்படி: “இங்கே பேசுவதை நீதிமன்றத்திலோ வேறு எங்கோ போய் நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்றுதான் உள்ளே வரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. உங்களை நான் தனியாகச் சந்திக்கும்போது சொல்வது தனிக் கணக்கு. ‘இதை அவரிடம் சொல்லுங்கள்’ என்று நீங்கள் அனுமதி கொடுத்ததை மட்டும்தான் கொண்டுபோவேன். சந்தேகம் இருந்தால் கொண்டுபோகமாட்டேன். கிளம்பும் முன் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நானே உங்களிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வேன். என் குறிப்புகளை வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன்.”

பிறகு அதன் எல்லையைச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் கணக்குப் புத்தகம் இந்த மேசையில் வைக்கப்பட்டதால் ரகசியம் ஆகிவிடாது. வெளியே வேறு வழியில் அதைக் கேட்டு வாங்க முடியும். யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் நீங்கள் வாய்மூடி இருக்க முடியாது. இதை ஒரு வரியில், பயமுறுத்தாமல் சொன்னால் போதும். காப்பாற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்து நம்பிக்கை வாங்காதீர்கள்.

“ரகசியம்” என்ற சொல்லைக்கூட நான் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. ஏதோ மறைக்கிறோம் என்ற வாடை அதில் அடிக்கிறது. “வெளியே போகாது” என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அப்புறம் நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இவர்கள் வீட்டுக்குப் போனால் மனைவி கேட்பார், மறுநாள் காலை ஊழியர்கள் கேட்பார்கள், இரண்டு வாடிக்கையாளர்களாவது போன் செய்வார்கள். அப்போது என்ன சொல்வது? பங்குதாரர் தகராறில் இது சில்லறை விஷயம் இல்லை. ஒருவர் ஊழியர்களிடம் “முடிந்துவிட்டது, அவர் கிளம்புகிறார்” என்று வாயைவிட்டால், மறுநாள் பொருள் கொடுப்பவர்கள் முன்பணம் கேட்க ஆரம்பிப்பார்கள். ஆகவே கேளுங்கள்: “யாரிடமெல்லாம் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்? வீட்டில், வக்கீலிடம், ஆடிட்டரிடம் பேசலாமா? மற்றவர்கள் கேட்டால் இருவரும் ஒரே பதில் சொல்வோமா?” பொதுவாக “பேசிக்கொண்டிருக்கிறோம், வேலை வழக்கம்போல் நடக்கும்” என்ற அளவில் ஒரு வரிக்கு வந்துவிடுவார்கள். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர்கள் சேர்ந்து எழுதிய முதல் வாக்கியம் அது.

நடத்தை விதிகள் கடைசியில்தான் வருகின்றன, அதுவும் மூன்றே மூன்று. பயிற்சியில் கொடுத்த பட்டியலில் பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கும். அத்தனையையும் சொன்னால் பள்ளிக்கூட வாசலில் நிற்பதுபோல் இருக்கும். சொந்தமாகத் தொழில் நடத்தும் ஐம்பது வயதுக்காரருக்கு அது பிடிக்காது. “மரியாதையாகப் பேச வேண்டும்” என்பதை நான் விதியாகச் சொல்வதே இல்லை. எது மரியாதை என்பதில்தான் பாதிச் சண்டை.

“ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டம், சில இடத்தில் ‘பொய்’ என்று கத்தத் தோன்றும். அதற்காகத்தான் உங்கள் முன்னால் தாளும் பேனாவும் இருக்கிறது. எழுதி வையுங்கள். உங்கள் முறையில் அதை எடுப்போம், மறந்தால் நான் நினைவூட்டுகிறேன். இரண்டாவது, முதல் சுற்றில் என்னைப் பார்த்துப் பேசுங்கள். மற்றவரைப் பற்றிச் சொல்லும்போது ‘அவர்’ என்று சொல்லுங்கள். மூன்றாவது, போனை அணைத்துவிடலாம், யாரும் எதையும் பதிவு செய்ய வேண்டாம். என் போனும் இதோ அணைத்துவிட்டேன்.”

இரண்டாவது விதியை அலட்சியமாக நினைக்காதீர்கள். தமிழில் சண்டை வசைச்சொல்லில் தொடங்குவது குறைவு, விகுதியில்தான் தொடங்குகிறது. “அவர் சொன்னார்” என்பது “அவன் சொன்னான்” என்று மாறுகிற நொடியில் அறையின் சூடு ஏறிவிடும். 11 வருடம் ஒருமையில் பேசிப் பழகியவர்கள் என்றால் என்ன செய்வது? பழைய உரிமையில் வரும் “அவன்” வேறு, இப்போதைய கோபத்தில் வரும் “அவன்” வேறு. எது என்று வெளியாளான நமக்குத் தெரியாது. போனில் பேசும்போதே இதை இருவரிடமும் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது. நீங்கள் இருவரையும் அழைக்கும் விதமும் ஒன்றாகவே இருக்கட்டும். மூத்தவரை “ஐயா” என்றும் இளையவரைப் பெயர் சொல்லியும் அழைத்தால், நீங்கள் எந்தப் பக்கம் என்று இளையவர் முடிவு செய்துவிடுவார்.

மூன்றையும் சொல்லி, தனித்தனியாகச் “சரி” வாங்கிய பிறகு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “இதோடு சேர்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?” பெரும்பாலும் இல்லை என்பார்கள். சில நேரம் தங்கம் கிடைக்கும். ஏறக்குறைய உங்கள் ஆட்கள் போன்ற ஒரு ஜோடியில், விற்பனை பார்த்தவர் அந்தக் கேள்விக்கு, “‘திருட்டு’ என்ற வார்த்தையை அவர் சொல்லக்கூடாது” என்றார். கணக்கு பார்த்தவர் உடனே, “அப்போது நான் வந்த விஷயத்தையே பேசக்கூடாது என்கிறாரா?” என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். விதி என்ற பெயரில் ஒருவருடைய வாயை அடைக்க நான் துணை போகக்கூடாது. அவரிடம் கேட்டேன்: “விஷயத்தை விட வேண்டாம். அந்தச் சொல் இல்லாமல் அதே விஷயத்தைச் சொல்ல முடியுமா?” கொஞ்ச நேரம் யோசித்து, “கணக்கில் வராத பணம்” என்றார். விற்பனை பார்த்தவர் ஏற்கவில்லை, “வந்திருக்கிறது, அவர் பார்க்கவில்லை” என்றார். இன்னும் இரண்டு நிமிடம் இப்படியே போய், “இன்னும் விளக்கம் கிடைக்காத தொகை” என்பதில் இருவரும் நின்றார்கள். நாள் முழுவதும் அந்தத் தொடரைத்தான் பயன்படுத்தினோம். விளக்கம் கிடைக்காதது என்று பெயர் வைத்துவிட்டால், அடுத்து விளக்கத்தைத் தேடலாம் இல்லையா? மதியத்துக்கு மேல் ரசீதுகளை எடுத்துப் பார்க்க இருவருமே சம்மதித்தார்கள்.

எவ்வளவு செய்தாலும் குறுக்கீடு வரும். உங்கள் உரையின் நான்காவது நிமிடத்தில் மூத்தவர், “இதெல்லாம் சரி சார், முதலில் இவன்…” என்று தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குரலை உயர்த்தாதீர்கள், தாழ்த்துங்கள். “இப்போதுதானே விதி சொன்னேன்” என்று சொல்லவே சொல்லாதீர்கள். அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, “அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது. மறந்துபோகாமல் ஒரு வரி எழுதி வையுங்கள், உங்கள் முறையில் அதிலிருந்தே தொடங்குவோம்” என்று சொல்லுங்கள். பேனாவை அவர் கையில் எடுத்துக் கொடுத்தாலும் தப்பில்லை. உடனே இளையவரையும் பாருங்கள்: “உங்களுக்கும் அப்படித்தான்.” இந்தக் கடைசி வார்த்தைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குறுக்கே பேசியவரை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதை இன்னொருவர்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவரை விட்டால், தானும் கத்தினால்தான் நடக்கும் என்று இவர் கற்றுக்கொள்வார். அடக்கி உட்காரவைத்தாலோ, அடுத்தது தன்மேல் பாயும் என்று பயப்படுவார்.

இரண்டாவது முறையும் அவர் ஆரம்பித்தால் உங்கள் உரையைச் சுருக்கிவிடுங்கள். வெளியே போகாது என்பதையும் தனிச் சந்திப்பு விதியையும் மட்டும் சொல்லி, நேராக அவரவர் முறைக்குப் போய்விடலாம். மீதியை இடைவேளைக்குப் பிறகு சொன்னால் குடி முழுகிவிடாது. மூன்றாவது முறை என்றால், இன்று ஒரே அறை வேலைக்கு ஆகாது என்று பொருள். இருவரையும் தனி அறைகளுக்கு அனுப்பி, அதே உரையை அதே சொற்களில் இரண்டு முறை சொல்லுங்கள். இன்னொருவருக்கும் இதையேதான் சொன்னேன் என்பதையும் இருவரிடமும் சொல்லுங்கள்.

முதலிலேயே தனி அறைகளில் தொடங்க வேண்டிய நிலையும் உண்டு. போன் பேச்சில் ஒருவர் மற்றவரை நினைத்துப் பயப்படுகிறார் என்று தெரிந்தால், அடிதடி நடந்திருந்தால், ஒரே மேசையில் உட்காரவைத்து விதி சொல்வது அவருக்குப் பாதுகாப்பு ஆகாது. மேசையில் எல்லாவற்றுக்கும் “சரி” என்று சொல்லிவிட்டு, வாசலில் நடப்பதை அவர் தனியாகச் சந்திக்க வேண்டியிருக்கும்.

பேச்சு முடியும்வரை பெரிய காசோலை போடக்கூடாது, வங்கிக் கையெழுத்தை மாற்றக்கூடாது, வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பக்கூடாது என்றெல்லாம் ஓர் ஏற்பாடு தொழில் தகராறில் தேவைப்படும். அதைத் தொடக்க உரையில் எடுக்காதீர்கள். காலை பத்து மணிக்கு அதைச் சொன்னால், மற்றவர் அப்படிச் செய்யப் போகிறார் என்று நீங்களே சந்தேகத்தை விதைத்ததாகிவிடும். இருவரும் மனம்விட்டுப் பேசிய பிறகு, அன்றைய அமர்வை முடிக்கும் நேரத்தில் கேட்டால் எளிதாகக் கிடைக்கும். வழக்குப் போடுவதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும் அவரவர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

யார் முதலில் என்பது போனிலேயே முடிவானது என்பதால், அதை ஒரே வாக்கியத்தில் நினைவூட்டினால் போதும். சமரசத்தை முதலில் கேட்டவர் முதலில் பேசுவது பொது வழக்கம். இரண்டாவது பேசுபவரிடம், “நீங்கள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை, உங்கள் பக்கத்தை உங்கள் போக்கில் சொல்லலாம்” என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய 20 நிமிடமும் மறுப்பிலேயே தீர்ந்துபோகும், அவர் சொல்ல வந்தது உள்ளேயே தங்கிவிடும்.

முதல் கேள்வியாக “என்ன பிரச்சினை?” என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில், எதிரே இருப்பவரின் பெயராகத்தான் வரும். “இன்று இங்கே நான் எதைப் புரிந்துகொண்டால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பிவிடுங்கள். அவர் உடனே பேசவில்லை என்றாலும் அவசரப்படாதீர்கள், அந்த மௌனத்தை நிரப்பப் போய் உங்கள் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்கிவிடாதீர்கள்.